ஐந்து வருஷ இன்சூரன்ஸ்... ஆனால் எதற்கு?

தை, மாசியில் சம்பா அறுவடைப் பணம் கைக்கு வந்ததும் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கத்து இரு சக்கர வாகன ஷோரூம்களில் கூட்டம் சேரும். நெல் போட்ட பணத்தில் பழைய வண்டியைத் தள்ளிவிட்டுப் புதிய ஸ்கூட்டரோ மொபெட்டோ எடுப்பார்கள். ஆன்-ரோடு விலையில் ஐந்தாயிரம், ஆறாயிரம் என்று 'இன்சூரன்ஸ்' தொகை ஒன்று இருக்கும். "அஞ்சு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்குங்க, கவலையே வேணாம்" என்பார் விற்பனையாளர். நாமும் சந்தோஷமாகச் சாவியை வாங்கிக்கொண்டு கோயில் வாசலில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம்.

அந்த ஐந்து வருஷம் என்பது பொய் இல்லை. ஆனால் அது பாதி உண்மைதான். ஐந்து வருஷம் எதற்கு, ஒரு வருஷம் எதற்கு என்று பிரித்துப் பார்க்காததால் பல குடும்பங்கள் விபத்துக்குப் பிறகுதான் விஷயத்தைத் தெரிந்துகொள்கின்றன. இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

கோவை டாக்டர் போட்ட வழக்கு

இந்த ஐந்து வருஷக் கணக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகள் கண்டுபிடித்தது அல்ல. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன், சாலை விபத்துகளைக் குறைக்க நடவடிக்கை வேண்டும் என்று 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கில் நீதிமன்றம் சாலைப் பாதுகாப்புக் குழு ஒன்றை அமைத்தது. அந்தக் குழுவின் பரிந்துரையை ஏற்று, 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. அதன்படி 2018 செப்டம்பர் 1 முதல் விற்கப்படும் ஒவ்வொரு புதிய இரு சக்கர வாகனத்துக்கும் ஐந்து வருஷத்துக்கும், புதிய காருக்கு மூன்று வருஷத்துக்கும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம்.

காரணம் எளிது. வண்டி வாங்கும்போது முதல் வருஷம் எல்லோரும் இன்சூரன்ஸ் எடுத்துவிடுவார்கள். இரண்டாம் வருஷம் புதுப்பிக்க மறந்துவிடுவார்கள், அல்லது 'நம்ம ஊருக்குள்ளதானே ஓட்டுறோம்' என்று விட்டுவிடுவார்கள். அந்த வண்டி ஒருவர் மீது மோதினால், அடிபட்டவர் குடும்பம் யாரிடம் போய் நிற்கும்? கீர்ப்புத் தொகை பத்து லட்சம் என்று வந்தால் வண்டிக்காரரின் அரை ஏக்கர் நிலம்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் வாங்கும்போதே ஐந்து வருஷத்துக்கும் சேர்த்துக் கட்ட வைத்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த ஏற்பாடு நம் வண்டியால் அடிபடுகிற 'இன்னொருவருக்காக' வந்தது. நமக்காகவோ நம் வண்டிக்காகவோ வந்ததல்ல.

ஒரு தாளில் மூன்று தேதி

ஷோரூமில் கொடுக்கும் பாலிசித் தாளை எடுத்துப் பாருங்கள். அதற்குள் பொதுவாக மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கும்.

முதலாவது, மூன்றாம் நபர் பாதுகாப்பு. இது ஐந்து வருஷம். நம் வண்டி மோதி ஒருவர் இறந்தாலோ காயம்பட்டாலோ, தீர்ப்பாயம் சொல்லும் இழப்பீட்டை, எவ்வளவாக இருந்தாலும், கம்பெனி கொடுக்கும். அவருடைய சைக்கிள், வண்டி, கடைக் கதவு போன்ற பொருள்களுக்கு ஏற்பட்ட சேதத்துக்கு இரு சக்கர வாகன பாலிசியில் ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு.

இரண்டாவது, நம் சொந்த வண்டிக்கான பாதுகாப்பு. 'ஓன் டேமேஜ்' என்பார்கள். விபத்து, திருட்டு, தீ, வெள்ளம், புயல் எல்லாம் இதில்தான் வரும். இது பெரும்பாலும் ஒரே ஒரு வருஷம்தான். ஆரம்பத்தில் இதையும் ஐந்து வருஷத்துக்குச் சேர்த்து விற்றார்கள். ஒரே கம்பெனியிடம் ஐந்து வருஷம் மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது, வாங்கும்போது செலவும் அதிகமானது. அதனால் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஆகஸ்ட் 1 முதல் அந்த நீண்டகால முழுப் பாலிசியை நிறுத்திவிட்டது.

மூன்றாவது, வண்டிச் சொந்தக்காரருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு. தொகை 15 லட்சம் ரூபாய். இதை ஒரு வருஷத்துக்கும் எடுக்கலாம், கூடுதல் காலத்துக்கும் எடுக்கலாம். விலையைக் குறைத்துக் காட்ட ஒரு வருஷத்துக்கு மட்டும் போட்டுக் கொடுப்பதும் உண்டு.

ஆக, ஒரே தாளில் மூன்று முடிவுத் தேதிகள். நாம் பார்ப்பது என்னவோ தூரத்தில் இருக்கும் ஐந்தாம் வருஷத் தேதியை மட்டும்தான். mParivahan செயலியில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்து இன்சூரன்ஸ் செல்லுபடியில் இருக்கிறது என்று வந்தால், அதையும் மூன்றாம் நபர் பகுதியைச் சொல்வதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அதை வைத்து 'எல்லாம் இருக்கிறது' என்று நிம்மதியாகிவிடக் கூடாது.

கஜா புயல் சொன்ன பாடம்

கட்டாய ஐந்து வருஷ பாலிசி நடைமுறைக்கு வந்து இரண்டரை மாதத்தில், 2018 நவம்பர் 16 அதிகாலையில், கஜா புயல் கரையைக் கடந்தது. வேதாரண்யம், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கமெல்லாம் தென்னை மரங்கள் வேரோடு சாய்ந்தன. தென்னை சாய்ந்த இடத்தில் வீடு இருந்தால் வீடு போச்சு. வண்டி நின்றிருந்தால் வண்டி போச்சு.

இப்படி மரம் விழுந்து நசுங்கிய வண்டிக்கு மூன்றாம் நபர் பாலிசியில் ஒரு பைசா கிடையாது. அது ஐந்து வருஷமாக இருந்தாலும் பத்து வருஷமாக இருந்தாலும் கிடையாது. ஓன் டேமேஜ் பகுதி உயிரோடு இருந்தால் மட்டுமே கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு வண்டி மூழ்கினாலும் இதே கணக்குதான். புயலும் வெள்ளமும் அடிக்கடி வருகிற டெல்டாவில், வண்டிக்கான பகுதியை இரண்டாம் வருஷமே விட்டுவிடுவது நல்ல சிக்கனம் அல்ல.

இதைப் புதுப்பிக்க முழுப் பாலிசி எடுக்கத் தேவையில்லை. 2019 செப்டம்பர் முதல் ஓன் டேமேஜை மட்டும் தனியாக விற்கிறார்கள். மூன்றாம் நபர் பாலிசி எந்தக் கம்பெனியில் இருந்தாலும், இதை வேறு கம்பெனியிடம் வாங்கலாம். மூன்றாம் நபர் பாலிசியின் நம்பரையும் முடிவுத் தேதியையும் கேட்பார்கள், அவ்வளவுதான். சாதாரண ஸ்கூட்டருக்கு வருஷத்துக்குப் பெரும்பாலும் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை ஆகும். இழப்பீடு கேட்காத வருஷத்துக்கு அடுத்த வருஷம் 20 சதவீதம், அதற்கடுத்து 25 சதவீதம் என்று தள்ளுபடியும் ஏறும். ஆனால் காலாவதியாகி 90 நாள் தாண்டிவிட்டால் அந்தத் தள்ளுபடி போய்விடும். வண்டியை நேரில் பார்த்த பிறகே புதுப் பாலிசி கொடுப்பார்கள்.

ஒரு விபத்து, நான்கு கணக்கு

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரத்தநாடு பக்கம் ஒரு விவசாயி. 2024 பிப்ரவரியில் தன் பெயரில் 110 சிசி ஸ்கூட்டர் வாங்குகிறார். ஓன் டேமேஜும் தனிநபர் விபத்துக் காப்பீடும் 2025 பிப்ரவரியில் முடிகின்றன. மூன்றாம் நபர் பகுதி 2029 பிப்ரவரி வரை இருக்கிறது. 2025 அக்டோபரில், குறுவை நெல்லை ரோட்டோரம் காயப் போட்டிருக்கும் நேரம், மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போகிறார். நெல்லில் சக்கரம் வழுக்கி, எதிரே சைக்கிளில் வந்தவர் மீது மோதி, மூவரும் விழுகிறார்கள்.

சைக்கிள்காரருக்கு என்ன கிடைக்கும்? அவர் மூன்றாம் நபர். ஐந்து வருஷ பாலிசி இருப்பதால், தீர்ப்பாயம் சொல்லும் தொகையைக் கம்பெனி கொடுக்கும். விவசாயியின் நிலம் தப்பியது. இந்த பாலிசியின் முழுப் பெருமையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஸ்கூட்டருக்கு என்ன கிடைக்கும்? எதுவும் இல்லை. ஓன் டேமேஜ் முடிந்து எட்டு மாதமாகிவிட்டது.

விவசாயிக்கு என்ன கிடைக்கும்? தனிநபர் விபத்துக் காப்பீடும் முடிந்துவிட்டது. உயிருக்கே ஆபத்து நேர்ந்திருந்தாலும் குடும்பத்துக்கு அந்த 15 லட்சம் வந்திருக்காது. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் காப்பீடு உயிரோடு இருந்தாலும், அது மரணத்துக்கும் கை, கால், கண் இழப்பு, நிரந்தர முழு ஊனம் போன்றவற்றுக்கும்தான். கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டால் ஆஸ்பத்திரிச் செலவு அதில் வராது. அதற்கு மருத்துவக் காப்பீடுதான் வேண்டும்.

பின்னால் உட்கார்ந்திருந்த மனைவிக்கு? இதுதான் பலருக்கும் அதிர்ச்சி தரும் பதில்.

பின்னால் உட்காருபவர் மூன்றாம் நபரா?

நாம் வண்டிச் சொந்தக்காரர், எதிரில் கம்பெனி, மற்றவர்கள் எல்லாம் மூன்றாம் நபர் என்றுதானே தோன்றும்? ஆனால் சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருக்கும் வண்டியில், காசு கொடுக்காமல் பின்னால் உட்கார்ந்து வருபவருக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் திலக் சிங் வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஓன் டேமேஜும் சேர்ந்த முழுப் பாலிசி என்றால் பின்னால் உட்காருபவருக்கும் பொறுப்பு உண்டு என்பதை ஒழுங்குமுறை ஆணையம் 2009-ல் கம்பெனிகளுக்குத் தெளிவுபடுத்தியது. 2012-ல் உச்ச நீதிமன்றமும் இந்த இரண்டு வகைப் பாலிசிகளையும் பிரித்துக் காட்டியது.

அதாவது முதல் வருஷம் இருந்த பாதுகாப்பு, ஓன் டேமேஜ் முடிந்த பிறகு அதே மாதிரி இருக்கும் என்று சொல்ல முடியாது. எதிரே வந்த வண்டிமேல் தப்பு என்றால், மனைவி அந்த வண்டியின் இன்சூரன்ஸில் இழப்பீடு கேட்கலாம். கணவர் ஓட்டியதில்தான் தப்பு என்றால் சிக்கல். கம்பெனி கையை விரிக்கும், வழக்கு இழுக்கும்.

இந்த ஓட்டை நீதிபதிகள் கண்ணிலும் பட்டது. ஈரோடு பக்கத்து விபத்து ஒன்றில், காருக்கு இப்படி மூன்றாம் நபர் பாலிசி மட்டுமே இருந்ததால், வண்டிக்குள் இருந்தவருக்கான இழப்பீட்டைக் கம்பெனிமீது சுமத்த முடியவில்லை. அதை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம், 2021 ஆகஸ்டில், இனி விற்கும் புது வண்டிகளுக்கெல்லாம் ஓட்டுநர், பயணிகள், சொந்தக்காரர் அனைவருக்கும் சேர்த்து ஐந்து வருஷ முழுப் பாலிசி கட்டாயம் என்று சொன்னது. நடைமுறைச் சிக்கல்களை இன்சூரன்ஸ் தரப்பு எடுத்துச் சொன்னதும், அடுத்த மாதமே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஆக, ஓட்டை இன்னும் அப்படியே இருக்கிறது. அடைத்துக்கொள்வது நம் பொறுப்பு.

எப்படி அடைப்பது? ஓன் டேமேஜைத் தனியாகப் புதுப்பிக்கும்போது, "பின்னால் உட்காருபவருக்குக் கவர் இருக்கிறதா, பாலிசியில் எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேளுங்கள். கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கட்டினால் பின்னால் உட்காருபவருக்கு விபத்துக் காப்பீடு சேர்த்துத் தருவார்கள். வாய்வார்த்தையை நம்பாமல், தாளில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள்.

யார் பெயரில் வண்டி?

அப்பா பெயரில் வண்டி, ஓட்டுவது மகன். அல்லது மனைவி பெயரில் வண்டி, ஓட்டுவது கணவர். நம் வீடுகளில் இது சகஜம். 15 லட்ச ரூபாய் காப்பீடு ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவருக்கு மட்டும்தான். அவருக்கும் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும். மகன் ஓட்டி மகனுக்கு ஏதாவது ஆனால், அப்பாவுக்கான காப்பீடு உதவாது. தினமும் ஓட்டுகிறவர் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்து வைப்பதுதான் இதற்கு வழி. வண்டிக்காரரிடம் ஏற்கெனவே 15 லட்சத்துக்குக் குறையாத தனிநபர் விபத்துக் காப்பீடு இருந்தால், ஷோரூமில் இன்னொன்று எடுக்க வேண்டியதில்லை. அதைச் சொல்லி அந்தத் தொகையைக் கழிக்கச் சொல்லலாம்.

லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி மோதினால், அடிபட்டவருக்குக் கம்பெனியே முதலில் கொடுக்கும்படி நீதிமன்றம் சொல்லலாம். ஆனால் அந்தப் பணத்தைப் பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிடும். பதினாறு வயதுப் பிள்ளையிடம் சாவியைக் கொடுக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

லாபமா, நஷ்டமா?

இப்போது பணக் கணக்குக்கு வருவோம். மூன்றாம் நபர் பிரீமியம் கம்பெனிக்குக் கம்பெனி மாறாது, அரசு நிர்ணயிப்பது. நம்மூரில் அதிகம் ஓடும் 100, 110, 125 சிசி வண்டிகளும், 99.7 சிசி உள்ள டிவிஎஸ் எக்ஸ்எல் 100-ம், 75-லிருந்து 150 சிசி வரையிலான பிரிவில் வருகின்றன.

இந்தப் பிரிவில் 2018 செப்டம்பரில் ஐந்து வருஷத்துக்குச் சேர்த்து வாங்கியது 3,285 ரூபாய். வருஷா வருஷம் கட்டியிருந்தால்? முதல் வருஷம் 720, அடுத்த மூன்று வருஷம் 752, கடைசி வருஷம் 714. மொத்தம் 3,690. ஆக, சேர்த்துக் கட்டியவருக்கு 405 ரூபாய் மிச்சம், வரி தனி.

ஆனால் 2022 ஜூன் 1-ல் வந்த கட்டணப்படி ஒரு வருஷத்துக்கு 714 ரூபாய், ஐந்து வருஷத்துக்கு 3,851 ரூபாய். ஐந்து தடவை 714 என்றால் 3,570 தான். இந்தத் தடவை 281 ரூபாய் கூடுதல். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் கட்டுவது 4,544 ரூபாய். 'மொத்தமா வாங்கினா மலிவு' என்ற நம் சந்தைக் கணக்கு இங்கே எப்போதும் செல்லாது. புது வண்டிக்கு ஒரு வருஷம் மட்டும் எடுக்கும் வாய்ப்பும் இல்லை. அந்தக் கூடுதல் பணத்துக்குக் கிடைப்பது, இடையில் கட்டணம் எவ்வளவு ஏறினாலும் நமக்கு ஏறாது என்ற உறுதியும், மறந்துபோகாமல் இருக்கும் நிம்மதியும்தான். இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவையே 2,000 ரூபாய், மறு தடவை 4,000 ரூபாய் அபராதம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பெரிய நஷ்டம் என்று சொல்ல முடியாது.

பாதகம் வேறு இடத்தில் இருக்கிறது. பிடிக்கவில்லை என்று இந்த பாலிசியை நடுவில் ரத்து செய்ய முடியாது. ஷோரூம் சொல்லும் கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை என்றாலும், வாங்குகிற அவசரத்தில் பலரும் கேட்பதில்லை. ஐந்து வருஷத்துக்கும் அதே கம்பெனிதான் என்பதால் அந்த நேரத்தில் கேட்பது நல்லது. வண்டி திருடுபோய்த் திரும்பக் கிடைக்காமலோ, முழுக்க நொறுங்கியோ போனால், மீதி வருஷங்களுக்கான மூன்றாம் நபர் பிரீமியத்தைத் திருப்பிக் கேட்கலாம். இதைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு இதே பாலிசி ஒரு சாதகம். மூன்று வருஷம் ஓடிய ஸ்கூட்டரை வாங்கினால் மீதி இரண்டு வருஷ மூன்றாம் நபர் பாதுகாப்பும் கூடவே வரும். பெயர் மாற்றத்துக்கு 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதித் தர வேண்டும். ஓன் டேமேஜ் பகுதி மட்டும் தானாக வராது. அது பழைய பெயரிலேயே இருந்தால், நாளைக்கு வண்டி திருடுபோனால் இழப்பீடு கேட்க முடியாமல் போகும்.

மூட்டை ஏற்றுபவர்களுக்கு

மொபெட்டில் இரண்டு நெல் மூட்டை, நாலு உர மூட்டை என்று ஏற்றுவது நம் கிராமங்களில் தினசரிக் காட்சி. சொந்த உபயோக பாலிசியில், கைச்சுமை தவிரச் சரக்கு ஏற்றுவதும் வாடகைக்கு விடுவதும் அனுமதிக்கப்பட்ட உபயோகத்தில் சேராது. மூட்டையோடு விழுந்த வண்டிக்கு இழப்பீடு கேட்டால் கம்பெனி இந்த விதியைக் காட்டலாம். கூலிக்கு மூட்டை அடிப்பவர்கள் பாலிசி எடுக்கும்போதே இதைச் சொல்லி, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வது நல்லது.

கடைசியாக ஒன்று. ஐந்து வருஷத்தில் போன் நம்பர் மாறியிருக்கும், ஷோரூம்காரரே மாறியிருப்பார். புதுப்பிக்கச் சொல்லி யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காதீர்கள். இன்றைக்கே பாலிசியை எடுத்து, மூன்றாம் நபர், ஓன் டேமேஜ், சொந்தக்காரர் விபத்துக் காப்பீடு என்ற மூன்றுக்கும் எதிரே உள்ள முடிவுத் தேதியை வீட்டுக் காலண்டரில் தனித்தனியாகக் குறித்துவிடுங்கள். அதில் இரண்டு ஏற்கெனவே முடிந்து போயிருந்தால், அடுத்த மழைக்கு முன்னால் புதுப்பித்துவிடுங்கள்.